வரியின் கடைசியில் ஒளிந்திருக்கும் 13

எழுதி முடித்த நிரலைச் சர்வரில் ஏற்றி ஓடவிடுவதை மென்பொருள்காரர்கள் டிப்ளாய் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கட்டளைகளைக் கையால் தட்டிக்கொண்டிருந்தால் எங்காவது ஒன்று விட்டுப்போகும். அதனால் வேண்டிய கட்டளைகளையெல்லாம் வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, அந்தக் கோப்பை மட்டும் ஓட்டுவார்கள். ஷெல் ஸ்கிரிப்ட் என்பது இதுதான். நேற்று வரை ஒழுங்காக ஓடிய இந்தக் கோப்பு, ஒருநாள் முதல் அடியிலேயே இப்படிச் சொல்லி நின்றுவிடும்:

```
-bash: ./deploy.sh: /bin/bash^M: bad interpreter: No such file or directory
```

கோப்பில் இருப்பதைப் படித்து ஓட்டவேண்டிய நிரல் சரியில்லை, அப்படி ஒரு கோப்பே இந்தக் கணினியில் கிடையாது என்று லினக்ஸ் சர்வர் சொல்கிறது. பார்ப்பவருக்குக் குழப்பமாக இருக்கும். `/bin/bash` சர்வரில் இருக்கத்தான் இருக்கிறது. இந்தச் செய்தியை அச்சிட்டதே பாஷ்தான். ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் முதல் வரியில் `#!/bin/bash` என்று பிழையில்லாமல் எழுதியிருக்கிறது. சர்வரில் யாரும் எதையும் மாற்றவில்லை. விசாரித்தால், குழுவில் ஒருவர் தம் விண்டோஸ் மடிக்கணினியில் இந்த ஸ்கிரிப்டைத் திறந்து எங்கோ ஒரு வரியைத் திருத்திச் சேமித்தார் என்பது மட்டும் தெரியவரும்.

விடை அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கிறது. `/bin/bash` என்பதற்குப் பின்னால் `^M` என்று இரண்டு குறிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை கோப்பில் எழுதப்பட்ட எழுத்துகள் அல்ல. திரையில் காட்ட முடியாத ஒரே ஒரு எழுத்துக்கு வழக்கமாகப் போடும் அடையாளம் அது. ஆஸ்கி வரிசையில் அதன் எண் 13, பெயர் கேரேஜ் ரிட்டர்ன். ஆங்கில நெடுங்கணக்கில் பதின்மூன்றாவது எழுத்து எம் என்பதால், விசைப்பலகையில் கன்ட்ரோலையும் எம்-ஐயும் சேர்த்து அழுத்தினால் இந்த எழுத்து பிறக்கும். அதனால்தான் அதை `^M` என்று காட்டுகிறார்கள்.

அது எப்படி அங்கே வந்தது என்று புரிய, தட்டச்சு நிலையத்தில் பயின்றவர்கள் பழைய இயந்திரத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒரு வரி முடிந்ததும் இடப்பக்க நெம்புகோலைத் தள்ளுவோம். காகிதம் சுற்றிய உருளை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிவரும், காகிதம் ஒரு வரி மேலே ஏறும். ஒரே தள்ளலில் இரண்டு அசைவுகள். 1960-களில் கணினிகளோடு இணைத்துப் பயன்படுத்திய டெலிடைப் இயந்திரங்களில் இந்த இரண்டையும் இரண்டு தனித்தனிக் கட்டளைகளாக வைத்திருந்தார்கள். அச்சிடும் தலையை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது கேரேஜ் ரிட்டர்ன், எண் 13. காகிதத்தை ஒரு வரி நகர்த்துவது லைன் ஃபீட், எண் 10. வினாடிக்கு 10 எழுத்து அச்சிடும் இயந்திரம் அது. ஓர் எழுத்தை அச்சிடும் நேரத்துக்குள் தலை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு வந்து சேராது. முதலில் 13, பிறகு 10 என்று அனுப்பினால், காகிதம் நகரும் அந்த இடைவெளியில் தலைக்குத் திரும்பிவரச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைத்தது.

யூனிக்ஸை உருவாக்கியவர்கள் கோப்புக்குள் வரிமுடிவைக் குறிக்க 10 மட்டும் போதும் என்று முடிவு செய்தார்கள். அச்சு இயந்திரத்துக்கு 13-உம் தேவையென்றால், அங்கே அனுப்பும்போது இயங்குதளம் சேர்த்துக்கொள்ளட்டும்; கோப்பில் எதற்கு அந்தச் சுமை என்பது அவர்கள் எண்ணம். மறுபக்கம், கேரி கில்டால் எழுதிய சிபி/எம் 13, 10 இரண்டையும் கோப்பிலேயே வைத்தது. 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் அதைப் பின்பற்றியது. விண்டோஸ் டாஸிடமிருந்து எடுத்துக்கொண்டது. லினக்ஸ் யூனிக்ஸ் வழியில் நின்றது. இதில் விண்டோஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபியும் வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி 1.1-உம் வரிமுடிவுக்கு இன்றும் 13, 10 ஜோடியைத்தான் விதித்திருக்கின்றன. இரண்டும் முறையான வழக்கங்கள். ஒரு வழக்கத்தில் எழுதிய கோப்பு மற்ற வழக்கத்தை எதிர்பார்க்கும் இடத்துக்குப் போகும்போதுதான் சிக்கல் வருகிறது.

இப்போது லினக்ஸ் கெர்னலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஒரு கோப்பை ஓட்டச் சொன்னதும் கெர்னல் அதன் தொடக்கத்தைக் கொஞ்சம் படிக்கும். முதல் இரண்டு எழுத்துகள் `#!` என்றிருந்தால், இது நேரடியாக ஓடும் நிரல் அல்ல, வேறொரு நிரலிடம் ஒப்படைக்க வேண்டிய ஸ்கிரிப்ட் என்று அறிந்துகொள்ளும். யூனிக்ஸில் இந்த ஏற்பாட்டை 1980-இல் கொண்டுவந்தவர் சி மொழியைப் படைத்த டென்னிஸ் ரிட்சி. `#!`-க்குப் பின்னால், எண் 10 வரும் வரை உள்ளதை எடுத்து, ஓரங்களில் இருக்கும் வெற்றிடத்தையும் டேபையும் வெட்டிவிட்டு, மிஞ்சுவதில் முதல் வெற்றிடம் வரை உள்ளதை ஒரு கோப்பின் பாதையாகக் கெர்னல் கொள்கிறது. 13-ஐ அது வெட்டுவதில்லை. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயரில் சாய்கோட்டையும் சுழி எண் எழுத்தையும் தவிர வேறு எந்த எழுத்தும் வரலாம், 13-உம் வரலாம். ஆகவே `/bin/bash` என்பதும், கடைசியில் 13 ஒட்டிய `/bin/bash` என்பதும் கெர்னலுக்கு இரு வேறு கோப்புகள். இரண்டாவது கோப்பைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, இல்லை என்கிறது. அது சொல்வது முழு உண்மை.

தொல்லை என்னவென்றால், எல்லா இடத்திலும் இந்தச் செய்தி இதே வடிவில் வருவதில்லை. `^M` என்று காட்டியது பாஷ் செய்த உபகாரம். கோப்பை ஓட்ட முடியாதபோது பாஷின் பழைய பதிப்புகள் தாமே முதல் வரியைப் படித்துப் பார்த்து, கடைசியில் 13 இருந்தால் அதைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றி அச்சிட்டன. டெபியன், உபுண்டு சர்வர்களில் `sh` என்ற பெயரில் இருக்கும் டேஷ் அந்த உதவியைச் செய்வதில்லை. `./deploy.sh: not found` என்று முடித்துக்கொள்ளும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போது இல்லை என்றால் யாருக்குத்தான் தலை சுற்றாது? டாக்கர் கன்டெய்னரின் தொடக்க ஸ்கிரிப்டில் இது நேர்ந்தால் `exec /entrypoint.sh: no such file or directory` என்று வரும். கோப்பை நகலெடுக்க மறந்துவிட்டோமோ என்று டாக்கர்ஃபைலை வரிவரியாகத் துருவிக்கொண்டிருப்பவர்கள் பலர். முதல் வரியை `#!/usr/bin/env bash` என்று எழுதியிருந்தால் `env` நிரல் கிடைத்துவிடும். ஆனால் அது தேடும் பெயரில் 13 ஒட்டியிருக்கும். அப்போது `'bash\r'` என்று செய்தியில் காணலாம். `\r` என்பதும் அதே 13-தான்.

இந்த நிலையில் அவசரத்தில் இருப்பவர் செய்வது ஒன்று உண்டு. `./deploy.sh` ஓடவில்லையா, `bash deploy.sh` என்று கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுப்பார். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அதை மட்டும் செய்யாதீர்கள். காரணத்தை ஒரு சிறிய ஸ்கிரிப்டை வைத்தே பார்க்கலாம்.

```
#!/bin/bash
set -e
cd /srv/app
git pull
systemctl restart app
```

எளிமையான ஸ்கிரிப்ட். இரண்டாம் வரி, எந்தக் கட்டளை தவறினாலும் உடனே நின்றுவிடு என்கிறது. மூன்றாம் வரி செயலி இருக்கும் அடைவுக்குள் போகிறது. நான்காவது புதிய நிரலை இழுத்துக்கொள்கிறது. ஐந்தாவது சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறது. முதல் நான்கு வரிகளின் கடைசியிலும் 13 இருக்கிறது என்று கொள்வோம். ஐந்தாம் வரிக்குப் பின்னால் யாரும் என்டர் தட்டவில்லை, அதனால் அதன் கடைசியில் எதுவுமில்லை. விண்டோஸில் சேமித்த கோப்புகளில் கடைசி வரி இப்படி மொட்டையாக முடிவது சகஜம்.

`bash deploy.sh` என்று ஓட்டினால் முதல் வரியை பாஷ் வெறும் குறிப்பாகக் கொண்டு தாண்டிவிடும். எனவே காப்பாற்றிக்கொண்டிருந்த பிழைச்செய்தி வராது. இரண்டாம் வரியில் `set` கட்டளைக்கு `-e` என்ற விருப்பத்தோடு 13-உம் போய்ச் சேர்கிறது. அப்படி ஒரு விருப்பம் இல்லை என்று `set` மறுத்துவிடுகிறது. எதையும் செயல்படுத்துவதற்கு முன் எல்லா விருப்பங்களையும் சரிபார்ப்பது அதன் வழக்கம் என்பதால், `-e`-உம் நடைமுறைக்கு வருவதில்லை. அதாவது, தவறினால் நின்றுவிடு என்ற பாதுகாப்பே முதலில் விழுந்துவிடுகிறது. பிறகு `cd`, பெயரின் கடைசியில் 13 உள்ள அடைவைத் தேடித் தோற்கிறது. ஸ்கிரிப்ட் நிற்காமல் போகிறது. `git`, 13 ஒட்டிய `pull` என்றொரு கட்டளை தன்னிடம் இல்லை என்கிறது. ஸ்கிரிப்ட் அப்போதும் நிற்பதில்லை. ஐந்தாம் வரியில் 13 இல்லை. அது மட்டும் கச்சிதமாக வேலை செய்து, சேவையைத் திரும்பத் தொடங்குகிறது.

விளைவு என்ன? புதிய நிரல் வந்து சேரவில்லை. பழைய நிரலே நின்று மறுபடி ஓடுகிறது. ஒரு ஸ்கிரிப்டின் வெற்றி தோல்வியை அதன் கடைசிக் கட்டளையின் முடிவை வைத்தே பாஷ் வெளியே சொல்லும். கடைசிக் கட்டளை வெற்றி. ஆகவே டிப்ளாய் வேலையைத் தானாக நடத்தும் கருவியில் பச்சை விளக்கு எரியும். திருத்திய பிழை திருந்தவில்லையே என்று மறுநாள் வாடிக்கையாளர் கேட்கும் வரை யாருக்கும் தெரியாது. அந்த ஐந்தாம் வரி `rm -rf *` என்றிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். `cd` தோற்றுப்போனதால், ஸ்கிரிப்டை எந்த அடைவில் நின்று ஓட்டினோமோ அங்குள்ள கோப்புகள் அழியும். அதனால்தான் அந்த முதல் பிழைச்செய்தியை நல்லதாகவே எண்ணுகிறேன். எதையும் தொடுவதற்கு முன்பே அது தடுத்துவிட்டது.

இப்படி ஓட்டும்போது திரையில் வரும் செய்திகளும் சிதைந்து தெரியும். இரண்டாம் வரிக்கான செய்தி இப்படிக் காட்சியளிக்கும்:

```
: invalid option2: set: -
```

டெர்மினல் 13-ஐக் கண்டால் பழைய டெலிடைப் செய்ததையே செய்கிறது, வரியின் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. மீதிச் செய்தி முன்பு எழுதியதன் மேலேயே எழுதப்படுகிறது. தலையும் வாலும் இடம்மாறிய பிழைச்செய்தியைக் கண்டால் 13-ஐச் சந்தேகிக்கலாம். `if`, `for` போன்றவை உள்ள ஸ்கிரிப்டாக இருந்தால், அந்த இடம் வரை ஓடிவிட்டு, இலக்கணப்பிழை என்று பாதியில் நிற்கும். பாதி மட்டும் நடந்த டிப்ளாயைச் சரிசெய்வது, நடக்கவே நடக்காத ஒன்றைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

சந்தேகம் வந்தால் உறுதிசெய்துகொள்வது எளிது. சர்வரில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
cat -A deploy.sh
```

ஒவ்வொரு வரியின் முடிவையும் இது `$` என்று காட்டும். வரிகள் `$` என்று மட்டும் முடிந்தால் கோப்பு சுத்தம். `^M$` என்று முடிந்தால் 13 இருக்கிறது. `file deploy.sh` என்று கேட்டாலும் `with CRLF line terminators` என்று பதில் வரும். வெறும் `cat` காட்டாது. பெரும்பாலான எடிட்டர்களும் காட்டாது. இரண்டு வழக்கத்தையும் அவை புரிந்துகொண்டு ஒரே மாதிரி வரைகின்றன. விஎஸ் கோடில் வலது கீழ் மூலையில் `CRLF` அல்லது `LF` என்று இருப்பதைப் பார்க்கலாம்.

`bad interpreter` என்று வந்தாலே 13-தான் காரணம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் செய்தியில் `^M` இல்லாமல் பாதை மட்டும் இருந்தால், அந்தப் பாதையில் உண்மையிலேயே நிரல் இல்லாமல் இருக்கலாம். ஒரு சர்வரில் `/usr/local/bin/bash` என்று இருப்பது இன்னொன்றில் `/bin/bash` என்று இருக்கும். `No such file or directory` என்பதற்குப் பதில் `Permission denied` என்று முடிந்தால் அது அனுமதிச் சிக்கல். இவற்றுக்கு வரிமுடிவை மாற்றிப் பயனில்லை.

13-தான் என்று உறுதியானால், அதைக் களைய ஒரே வரி போதும்:

```
sed -i 's/\r$//' deploy.sh
```

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 13 இருந்தால் எடுத்துவிடு என்பது இதன் பொருள். இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட `dos2unix` என்ற நிரலும் உண்டு. இதற்குப் பிறகு ஸ்கிரிப்ட் ஓடும். ஆனால் சர்வரில் இருக்கும் நகலை மட்டும் சுத்தம் செய்துவிட்டு எழுந்துபோனால், அடுத்த டிப்ளாயில் அதே செய்தி அதே இடத்தில் நிற்கும். 13 உள்ளே வந்த வாசலை அடைக்க வேண்டும்.

அந்த வாசல் பெரும்பாலும் கிட். விண்டோஸுக்கான கிட்டை நிறுவும்போது, வரிமுடிவை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். முன்தேர்வாக இருப்பது, களஞ்சியத்திலிருந்து கோப்புகளை எடுக்கும்போது விண்டோஸ் வழக்கத்துக்கு மாற்று, திரும்பப் போடும்போது யூனிக்ஸ் வழக்கத்துக்கு மாற்று என்ற ஏற்பாடு. `core.autocrlf` என்ற அமைப்பு அதைச் செய்கிறது. நல்ல நோக்கத்தில் வைத்ததுதான். 2018 வரை விண்டோஸின் நோட்பேடால் 10 மட்டும் உள்ள கோப்பின் வரிகளைப் பிரித்துக் காட்டவே முடியாது, எல்லாம் ஒரே வரியாகத் தெரியும். இந்த ஏற்பாட்டில் களஞ்சியத்தில் கோப்பு சுத்தமாகவே இருக்கும், மடிக்கணினியில் உள்ள நகலில்தான் 13 இருக்கும். சர்வர் களஞ்சியத்திலிருந்து நேரே எடுத்துக்கொண்டால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அந்த மடிக்கணினி நகலை `scp` கொண்டு சர்வருக்கு அனுப்பினாலோ, அதை வைத்து அங்கேயே டாக்கர் இமேஜ் கட்டினாலோ 13-உம் கூடவே போகும். என் கணினியில் கட்டினால் ஓடுகிறது, உங்கள் கணினியில் கட்டினால் ஓடவில்லையே என்று ஒரே குழுவில் இருவர் வாதாடிக்கொள்வது இதனால்தான். இந்த அமைப்பை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு வேறு ஆபத்து: எடிட்டர் 13 சேர்த்துச் சேமித்தால் அது அப்படியே களஞ்சியத்துக்குள் போய் எல்லோருக்கும் பரவும்.

ஒவ்வொருவரும் தம் கணினியில் அமைப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது தீர்வாகாது. புதிதாகச் சேர்பவருக்கு அது தெரியாது. விதியைக் களஞ்சியத்திலேயே எழுதி வைப்பதுதான் வழி. மேல் அடைவில் `.gitattributes` என்று ஒரு கோப்பு வைத்து இதை எழுதுங்கள்:

```
* text=auto
*.sh  text eol=lf
*.bat text eol=crlf
```

இரண்டாம் வரி, `.sh` கோப்புகளுக்கு எந்தக் கணினியிலும் 10 மட்டுமே என்கிறது. ஒருவரின் சொந்த அமைப்பு என்னவாக இருந்தாலும் கிட் இந்த விதிக்குத்தான் கட்டுப்படும். மூன்றாவது வரி விண்டோஸின் பேட்ச் கோப்புகளுக்கு. அவற்றுக்கு 13, 10 ஜோடிதான் சரி, ஆகவே அவற்றை அவற்றின் வழக்கத்திலேயே விட வேண்டும். பெயரின் கடைசியில் `.sh` இல்லாத ஸ்கிரிப்டுகள் இருந்தால், அவற்றின் பெயரையும் தனித்தனி வரியாகச் சேர்க்க வேண்டும். விடுபடுவது பெரும்பாலும் அவைதான். களஞ்சியத்தில் ஏற்கெனவே 13-உடன் நுழைந்துவிட்ட கோப்புகளை `git add --renormalize .` என்று கொடுத்து, கமிட் செய்து சுத்தப்படுத்தலாம். மடிக்கணினியில் ஏற்கெனவே இருக்கும் நகல்கள் இதனால் தாமாக மாறிவிடாது. அந்தக் கோப்பை அழித்துவிட்டுக் களஞ்சியத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டு, விதி எழுதியும் பயனில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு.

கிட் வழியாக வராத கோப்புக்கு இந்த விதி காவல் இல்லை. மின்னஞ்சலில் வந்த ஸ்கிரிப்ட், ஜிப்பில் வந்தது, யாரோ அனுப்பியதை நோட்பேடில் ஒட்டிச் சேமித்தது எல்லாம் வெளியே நிற்கும். அப்படிப்பட்ட ஒன்றைச் சர்வரில் ஓட்டுவதற்கு முன் `cat -A` ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் களஞ்சியம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, அதற்குள் நின்று `git ls-files --eol` என்று கேளுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வரும். `i/` என்பது களஞ்சியத்தில் உள்ள நிலை, `w/` என்பது உங்கள் கணினியில் உள்ள நிலை. டிப்ளாய் ஸ்கிரிப்டின் வரியில் எந்தப் பக்கமாவது `crlf` என்று இருந்தால், அடுத்த டிப்ளாய்க்குக் காத்திராமல் இன்றே அந்த `.gitattributes` கோப்பைச் சேர்த்துவிடுங்கள்.